ஏழு நாள் கெடு, ஆறரை லட்சம்: ஒரு பில்டர் கடிதத்துக்கு உரை

கரியாலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லை. ஆனால் கல்வராயன் மலைப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஓய்வுக்காலத்துக்காகவோ சென்னைப் புறநகரில் ஃபிளாட் பதிவு செய்தவர்கள் உண்டு. மாதத் தவணை சம்பளத்தில் பிடித்தம் ஆகிக்கொண்டிருக்கும். கட்டடத்தை அவர்கள் நேரில் பார்ப்பது எப்போதாவதுதான். வீடு தயாராகும் சமயத்தில் பில்டரிடமிருந்து 'டிமாண்ட் லெட்டர்' வரும். ஒப்பந்தம் பீரோவில் இருக்கும், கடிதம் கைப்பேசியில் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் குறைவு. அப்படிப் படித்தால் என்ன தெரியவரும் என்று காட்டவே இந்த உரை.

கீழே வரும் கடிதம், இத்தகைய கடிதங்களில் வழக்கமாகக் காணப்படும் வாசகங்களைக் கொண்டு நான் தமிழில் அமைத்தது. வாங்கியவர் கரியாலூரில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. வரி விகிதங்களும் சட்டப் பிரிவுகளும் உண்மையானவை.

2023-ல் பதிவான அவருடைய ஒப்பந்தம் இப்படிச் சொல்கிறது: பிரிபடாத மனைப் பாகமும் கட்டுமானமும் சேர்த்து ஃபிளாட்டின் விலை 42 லட்சம், மூடிய கார் நிறுத்தம் 2 லட்சம், ஆக 44 லட்சம். கார்பெட் ஏரியா 58 சதுர மீட்டர், சூப்பர் பில்டப் 900 சதுர அடி. கார்பஸ் ஃபண்ட் சதுர அடிக்கு 40 ரூபாய். வசதிகள் பட்டியலில் உடற்பயிற்சிக் கூடமும் விழாக் கூடமும் கொண்ட கிளப் ஹவுஸ் இருக்கிறது. அதற்கெனத் தனித் தொகை எந்தப் பக்கத்திலும் இல்லை. பிற்பகுதியில் ஒரு வரி மட்டும் உண்டு: 'பில்டர் அவ்வப்போது நிர்ணயிக்கும் பிற கட்டணங்களை வாங்குபவர் செலுத்த வேண்டும்.' இதுவரை 95 சதவீதத் தவணைகள் கட்டியாயிற்று. அவற்றின் மீது ஒரு சதவீத ஜி.எஸ்.டி.யாக 41,800 ரூபாயும் கட்டியிருக்கிறார்.

இனி கடிதம்.

"தங்கள் குடியிருப்பு ஒப்படைப்புக்குத் தயாராக உள்ளது. கடைசித் தவணை ரூ.2,20,000."

44 லட்சத்தில் ஐந்து சதவீதம் 2,20,000 என்பது சரி. ஒப்பந்தத்தின் தவணை அட்டவணையும் இதையே சொல்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் கடைசித் தவணை எந்த நிகழ்வோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஒப்படைப்பின்போது' என்றிருந்தால் கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்து முடித்துவிட்டோம் என்பது சான்றிதழ் ஆகாது. 'தயாராக உள்ளது' என்ற வாசகத்துக்கு அருகே சான்றிதழின் எண்ணும் தேதியும் இல்லையென்றால், முதல் பதில் கடிதத்தில் கேட்க வேண்டியது அதன் நகலைத்தான். ரெரா சட்டத்தின் 19(10) பிரிவுப்படி, குடியேற்றச் சான்று கிடைத்த இரண்டு மாதத்துக்குள் வாங்குபவர் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மாதக் கணக்கு சான்றிலிருந்துதான் தொடங்குகிறது, பில்டரின் கடிதத்திலிருந்து அல்ல.

"ஜி.எஸ்.டி. வித்தியாசம் ரூ.1,85,700. தங்கள் குடியிருப்பின் மொத்த மதிப்பு ரூ.45,50,000 ஆவதால் 5 சதவீத வரி பொருந்தும்."

கடிதத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய வரி இதுதான். ஒரு சதவீதம் எப்படி ஐந்து சதவீதமாக மாறியது?

2019 ஏப்ரல் 1 முதல், கட்டிக்கொண்டிருக்கும் புதிய திட்டங்களில் வீடு வாங்கினால் ஜி.எஸ்.டி. இரண்டே விகிதம். 'மலிவு விலை வீடு' என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம், வராவிட்டால் 5 சதவீதம். மனை மதிப்புக்கான கழிவை முன்கூட்டியே கழித்து வைத்த விகிதங்கள் இவை. ஆகவே மனைப் பாகம் உட்பட மொத்தத் தொகை மீது கணக்கிட வேண்டும். மலிவு விலை வீடு ஆவதற்கு இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். பெருநகரப் பகுதியில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது (மற்ற ஊர்களில் 90). விலை 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

நம் ஆசிரியரின் வீடு 58 சதுர மீட்டர், விலை 44 லட்சம். இரண்டிலும் உள்ளே இருக்கிறது. அதனால்தான் பில்டர் இதுவரை ஒரு சதவீதமே வாங்கினார்.

விலை என்றால் எது என்பதில்தான் நுட்பம். வரி அறிவிக்கை, வீட்டுக்கும் மனைக்கும் வாங்கும் தொகையோடு நிறுத்தவில்லை. வாங்குபவரிடம் பில்டர் வசூலிக்கும் வேறு எந்தத் தொகையையும், அதாவது இட முன்னுரிமைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம், பொது வசதிக் கட்டணம் போன்றவற்றையும் கூட்டித்தான் 45 லட்சத்தைப் பார்க்கச் சொல்கிறது. கடிதத்தின் அடுத்த பகுதியில் கிளப் கட்டணமாக ஒன்றரை லட்சம் வருகிறது. 44 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் 45.5 லட்சம். வரம்பு தாண்டிவிட்டது; வீடு ஒரு சதவீத வரையறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. பிறகு 45.5 லட்சத்தின் ஐந்து சதவீதமான 2,27,500-லிருந்து ஏற்கெனவே கட்டிய 41,800-ஐக் கழித்து 1,85,700 என்று கேட்கிறார்கள்.

கூட்டல் கழித்தலில் தவறில்லை. வரம்பைத் தாண்டினால் விகிதம் மாறும் என்பதும் உண்மை. கேள்வி ஒன்றுதான்: அந்த ஒன்றரை லட்சத்தைக் கேட்க ஒப்பந்தம் இடம் தருகிறதா? தராவிட்டால் விலை 44 லட்சத்திலேயே நிற்கிறது, வரி ஒரு சதவீதத்திலேயே நிற்கிறது. அப்போது இந்த வரியில் செலுத்த வேண்டியது கடைசித் தவணைக்கான 2,200 ரூபாய் மட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே ஒன்றரை லட்சம் ஒப்பந்தத்தின் விலை அட்டவணையில் அச்சாகி, அவர் அதில் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. விலை தொடக்கத்திலிருந்தே 45.5 லட்சம், முதல் தவணையிலிருந்தே ஐந்து சதவீதம் வாங்கியிருக்க வேண்டும், ஒரு சதவீதம் வாங்கியது பில்டரின் கணக்குப் பிழை. அந்த வித்தியாசத்தை மறுக்க வாங்குபவருக்கு வலுவான காரணம் இருக்காது. ஃபிளாட் பதிவு செய்யும்போதே 'எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு' என்று கேட்டு, அது 45 லட்சத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டால் அதன் பிறகு கட்டும் தவணைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். முழுத் தொகையும் சான்றிதழுக்குப் பிறகே கைமாறியிருந்தால்தான் வரி இல்லை. முன்பே ஒரு தவணை கட்டியிருந்தாலும் கடைசித் தவணை வரை வரி உண்டு. ஆகவே 2,200 ரூபாயை மறுக்க வேண்டாம். அதற்குப் பில்டரின் ஜி.எஸ்.டி. எண் உள்ள வரி ரசீது கேட்டு வாங்குங்கள். வரி என்று வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டியே தீர வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-ம் பிரிவு.

"கார்பஸ் ஃபண்ட்: 960 சதுர அடி, ரூ.60 வீதம் ரூ.57,600. அதன் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.10,368. ஆக ரூ.67,968. காசோலை எங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்."

ஒரு வரிக்குள் நான்கு விஷயங்கள் ஒப்பந்தத்தை விட்டு விலகியிருக்கின்றன.

பரப்பளவு 900 என்றிருந்தது 960 ஆகியிருக்கிறது. அறுபது அடி எங்கிருந்து வந்தது? கடிதத்தின் தலைப்பிலேயே கார்பெட் ஏரியா 58 சதுர மீட்டர் என்று பழையபடிதான் இருக்கிறது. வீட்டுக்குள்ளே ஓர் அங்குலமும் கூடவில்லை. கூடியது, படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றைப் பங்கிட்டுத் தலையில் ஏற்றும் பகுதி. ரெரா சட்டம் கார்பெட் ஏரியாவை அடிப்படையாக வைத்ததே இத்தகைய ஏற்ற இறக்கத்தைத் தடுக்கத்தான். அனுமதி பெற்ற வரைபடத்தின்படி அளந்த கணக்கைத் தராதவரை 960 என்ற எண்ணை ஏற்க வேண்டியதில்லை. 40 ரூபாய் 60 ஆனதற்கும் ஒப்பந்தத்தில் இடமில்லை. 900 அடிக்கு 40 ரூபாய் வீதம் 36,000. அதுவே கொடுக்க வேண்டிய தொகை.

மூன்றாவது, வரி. கார்பஸ் ஃபண்ட் பில்டருக்கு வருமானம் அல்ல. லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, ஜெனரேட்டர் வாங்குவது போன்ற பெருஞ்செலவுகளுக்காக, பின்னால் உருவாகும் உரிமையாளர் சங்கத்துக்கு ஒப்படைக்கும்வரை பில்டர் கையில் வைத்திருக்கும் வைப்புத் தொகை அது. மாதாமாதம் செலவாகிவிடும் பராமரிப்புக் கட்டணத்தோடு இதைக் குழப்பக் கூடாது. பராமரிப்பு ஒரு சேவை; பில்டர் தன் பெயரில் அதைச் செய்து பணம் வாங்கினால் 18 சதவீதம் போடலாம். வைப்புத் தொகையைப் பற்றி ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(31) பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: பெற்றவர் அதைச் சேவைக்கான விலையாக எடுத்துக் கழித்துக்கொள்ளும்வரை அது சேவைக்குக் கொடுத்த பணம் ஆகாது. எனவே பில்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: 'இந்தத் தொகையை உங்கள் கணக்கில் வருமானமாகக் காட்டுகிறீர்களா, சங்கத்துக்குத் தர வேண்டிய பொறுப்பாகக் காட்டுகிறீர்களா?' பொறுப்பு என்றால் 10,368 ரூபாய்க்கு அடிப்படை இல்லை. வருமானம் என்று எழுதிக்கொடுத்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்குச் சங்கம் கணக்குக் கேட்கும்போது அது உதவும்.

நான்காவது, காசோலையின் பெயர். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பில்டரின் நடப்புக் கணக்கில் விழுந்த கார்பஸ் பணம் அடுத்த திட்டத்தின் சிமென்ட் விலையாகப் போய்விட்டால், இருநூறு குடும்பங்கள் அதைத் திரும்ப வாங்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகள் பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைக்க வழி செய்ய வேண்டும் என்று ரெரா 11(4)(e) பில்டரைக் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் கீழ் சங்கம் கட்டாயம். சங்கம் உருவாகிவிட்டதா என்று கேளுங்கள். உருவாகியிருந்தால் காசோலை அதன் பெயரில். இன்னும் இல்லையென்றால் கார்பஸுக்கென்றே தனி வங்கிக் கணக்கும், சங்கம் அமைந்ததும் வட்டியோடு மாற்றித்தருவோம் என்ற எழுத்தும் கேளுங்கள்.

வங்கிக்கடன் வாங்கியவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பொதுவாக வங்கி ஒப்பந்த விலைக்கே கடன் தரும். கார்பஸும் கிளப் கட்டணமும் கைப்பணத்திலிருந்தே போகும். அதனால் இந்த இரண்டு வரிகள் சம்பளக்காரருக்கு மற்ற வரிகளைவிடக் கனமானவை.

"கிளப் உறுப்பினர் கட்டணம் ரூ.1,50,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.27,000. இது கட்டாயமானது, திரும்பப் பெற இயலாதது."

முதலில் கண்ணில் படுவது: இதே ஒன்றரை லட்சம் மேலே ஜி.எஸ்.டி. வித்தியாசத்தில் ஏற்கெனவே ஐந்து சதவீத வரிக்குள் நுழைந்துவிட்டது. 45.5 லட்சம் மீது வரி போட்டபோது இதற்கான 7,500 ரூபாய் அதில் அடங்கிவிட்டது. இப்போது மறுபடி 18 சதவீதம். ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி கேட்கும் கடிதம் சட்டத்தைப் பார்க்கும் முன்பே கணக்கில் தோற்றுவிடுகிறது.

கட்டுமானத்தோடு சேர்ந்து வாங்கும் இத்தகைய கட்டணங்களுக்கு வீட்டின் விகிதமா, தனியாக 18 சதவீதமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இட முன்னுரிமைக் கட்டணத்துக்கு வீட்டின் விகிதமே பொருந்தும் என்று 2024 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. கிளப் கட்டணத்தைப் பற்றி அது பேசவில்லை. பில்டர் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டையும் பிடிக்க முடியாது.

வரியை விடுங்கள், கட்டணத்துக்கே வருவோம். இந்தக் கிளப் ஹவுஸ் யாருடையது? ரெரா சட்டத்தின் 2(n) பிரிவு, திட்டத்தில் தருவதாகச் சொன்ன சமுதாய வசதிகளையும் பொதுப் பகுதி என்றே கணக்கிடுகிறது. 17-ம் பிரிவு அந்தப் பொதுப் பகுதிகளைச் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கச் சொல்கிறது. ஒப்பந்தத்தின் வசதிகள் பட்டியலில் கிளப் ஹவுஸ் இருக்கிறது. தமிழ்நாடு ரெரா இணையதளமான rera.tn.gov.in-ல் இந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, அங்கே உள்ள அனுமதி வரைபடத்தில் அது காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீட்டு உரிமையாளர்களின் பொதுச் சொத்து. 44 லட்சத்தில் அதன் விலையும் அடங்கியிருக்கிறது. தன் சொத்துக்கே உறுப்பினராக ஒருவர் பணம் கட்ட வேண்டியதில்லை. வேறு நிலத்தில், வெளியாரையும் உறுப்பினராகச் சேர்க்கும் தனிக் கிளப் என்றால் அது வேறு வியாபாரம். அங்கே 'கட்டாயம்' என்று சொல்ல ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதிய சம்மதம் வேண்டும்.

பில்டர் எடுத்துக்காட்டப்போவது அந்தப் பொத்தாம் பொதுவான வரியை: 'அவ்வப்போது நிர்ணயிக்கும் பிற கட்டணங்கள்.' இதற்குப் பதில் உச்ச நீதிமன்றத்திடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 2 அன்று பயனியர் நிறுவனம் எதிர் கோவிந்தன் ராகவன் வழக்கில், வாங்குபவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதபடி ஒருதலையாக எழுதப்பட்ட விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அத்தகைய விதிகளைப் புகுத்துவதே முறையற்ற வணிக நடைமுறை என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு வீட்டை ஒப்படைக்கத் தாமதமானதைப் பற்றியது, கிளப் கட்டணத்தைப் பற்றியது அல்ல. ஆனால் தொகையே எழுதாமல் பில்டரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒரு வரியைச் சோதிக்க அந்த அளவுகோல் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

"இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் மொத்தம் ரூ.6,50,668 செலுத்தாவிடில் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி விதிக்கப்படும். சாவி ஒப்படைக்கப்பட மாட்டாது."

வட்டி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ரெரா சட்டம். தமிழ்நாட்டு விதிகளில் அது பாரத ஸ்டேட் வங்கியின் கடன் வட்டி விகிதத்தோடு இரண்டு சதவீதம். 18 சதவீதம் நிற்காது. ஏழு நாளும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும்.

ஒப்பந்தப்படி அவர் தர வேண்டியது: தவணை 2,20,000, அதன் வரி 2,200, கார்பஸ் 36,000. ஆக 2,58,200. கடிதம் கேட்பதில் மீதி 3,92,468 ரூபாய்க்கு ஆதாரம் இல்லை.

முழுத் தொகையையும் மறுத்துக் கட்டாமல் இருப்பது பில்டருக்குத்தான் வசதி. தவணை தவறியவர் என்று வாங்குபவர் மீதே பழியைத் திருப்பிவிடுவார். நிறைவுச் சான்றிதழ் கையில் வந்தவுடன் 2,22,200-ஐ வங்கி வழியே அனுப்பிவிட வேண்டும். 36,000-ஐச் சங்கத்தின் பெயரில் தரத் தயார் என்று எழுத வேண்டும். மீதி ஒவ்வொரு தொகைக்கும் ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி ஆதாரம் என்று கேட்டு, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்ப வேண்டும். சாவி அவசரமாகத் தேவைப்பட்டு முழுவதையும் கட்டும் நிலை வந்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று கட்டும் முன்பே எழுதிவிட வேண்டும். கட்டிய பிறகு எழுதுவதற்கு அந்த வலு இல்லை.

முறையீடு என்றால் சென்னை ரெரா ஆணையம்தான் என்று நினைத்து, மலையிலிருந்து இத்தனை தூரம் அலைய முடியாதென்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்ய உரிமை தருகிறது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 44 லட்ச ரூபாய் வீடு அதற்குள் வருகிறது. ரெராவா, நுகர்வோர் ஆணையமா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் இம்பீரியா நிறுவன வழக்கில் உறுதி செய்திருக்கிறது. கரியாலூரில் வசிப்பவர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு ஒப்பந்தம், இந்தக் கடிதம், தவணை ரசீதுகள், தாம் அனுப்பிய ஆட்சேபக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.